"ஆளையே காணோமே" என்று கேட்காமல் வரவேற்பது எப்படி?

கேள்வி: ஐயா, எங்கள் பங்கின் யூடியூப் சேனலுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பல வருடமாகக் கோவிலுக்கு வராத ஒருவர் எங்கள் ஞாயிறு பூசையைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்ப வர ஆசையாம், ஆனால் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று பயமாம். எங்கள் குழுவில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். இவரைப் போன்றவர்களுக்காகத் தவக்காலத்தில் மூன்று நிமிட வீடியோ ஒன்று போடலாம் என்று பங்குத்தந்தை சொன்னார். எழுதிப் பார்த்தேன், எனக்கே மறையுரை மாதிரி இருக்கிறது. அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எப்படி மாற்றுவது?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் எழுத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கும்போது, வெகுநாளைக்கு முன்னால் எனக்குக் கடிதம் எழுதிய ஓர் அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி எழுத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அப்போது நான் வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தவக்கால நிகழ்ச்சியை, "நீங்கள் என்ன செய்திருந்தாலும் ஆண்டவர் உங்களை மன்னிக்கக் காத்திருக்கிறார்" என்று முடித்தேன். நல்ல வரி என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. அந்த அம்மாவின் கணவர் இறந்தபோது, கோவில் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் அடக்கம் என்று அவர்கள் பங்கில் சொல்லிவிட்டார்களாம். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பூசைக்குப் போகவில்லை. "நான் என்ன செய்தேன் என்று என்னை மன்னிக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்.

உங்கள் முதல் வரி இது: "உலக இன்பங்களில் மயங்கி, இறைவனை மறந்து, வழிதவறிச் சென்ற அன்பு உள்ளங்களே, திரும்பி வாருங்கள்." அந்த அம்மா இதைக் கேட்டால் அடுத்த வரி வருவதற்குள் போனை அணைத்திருப்பார். கோவிலை விட்டு விலகியவர்களில் உலக இன்பத்தில் மயங்கியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் வேலைக்காக வெளியூர் போய், அங்கே பங்கு எது என்றே தெரியாமல் மெல்ல விட்டுப்போனவர்கள். சிலர் ஓலை வாசிக்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, இனி உள்ளே போகக் கூடாதோ என்று நின்றுவிட்டவர்கள். சிலர் கல்லறைத் தோட்டத்தில்கூடத் தங்கள் தெருவுக்கு வேறு மூலை என்று ஒதுக்கப்பட்டதைப் பார்த்து வெறுத்துப் போனவர்கள். வேண்டிக்கொண்ட பிள்ளை பிழைக்காமல் போனதால் ஜெபமே வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து நீங்கள் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். காரணம் சொல்லப்பட்ட அந்த இடத்திலேயே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அதனால் முதல் வேலை, ஏன் போனார் என்பதைப் பற்றிய எல்லாச் சொற்களையும் எடுத்துவிடுவது. வழிதவறிய, பின்வாங்கிய, மறந்த, திசைமாறிய எல்லாமே.

அடுத்த வரி, "நாங்கள் உங்களைத் தீர்ப்பிட மாட்டோம்." அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், வாசலிலேயே அந்த வீட்டுக்காரர் "உங்களைத் திருடன் என்று நாங்கள் நினைக்கவே மாட்டோம், உள்ளே வாங்க" என்றால் எப்படி இருக்கும்? தீர்ப்பு என்ற பேச்சே இல்லாமல் இருந்தால்தான் அவருக்கு அது தோன்றாது. அந்த வரிக்குப் பதிலாக, அவரைக் கேள்வி கேட்காத ஓர் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். அது எப்படி என்று பின்னால் காட்டுகிறேன்.

அப்புறம் அந்த "நாங்கள்". உங்கள் எழுத்தில் பதினோரு "நாங்கள்" இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். "நாங்கள்" என்று சொன்னதும் கேட்பவர் வெளியே நிற்பவர் ஆகிவிடுகிறார். கூடிய மட்டும் "நம்ம கோவில்", "நம்ம கெபி" என்றே எழுதுங்கள். "நாங்கள்" வர வேண்டியது ஒரே இடத்தில்தான், பங்கின் பக்கம் தப்பு இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில். அங்கே "நாம்" என்று எழுதினால், அடிபட்டவரையும் தப்பில் கூட்டுச் சேர்த்தது மாதிரி ஆகிவிடும்.

ஊதாரி மைந்தன் உவமையை நடுவில் வைத்திருக்கிறீர்கள். லூக்கா 15 இல்லாமல் இதை எழுத முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். நாம் ஊதாரி என்கிறோம், சி.எஸ்.ஐ. கோவில்களில் கெட்ட குமாரன் என்பார்கள். அந்த உவமையில் தகப்பன் ஓர் இடத்தில்கூட அவனை அப்படிச் சொல்லவில்லை. பெரியவன்தான் தம்பியின் செலவுக் கணக்கை எடுத்து வைக்கிறான், அதுவும் "தம்பி" என்று வாயால் சொல்லாமல் "உம் மகன்" என்கிறான். தகப்பன் பதில் சொல்லும்போது "உன் தம்பி" என்று திருத்துகிறார். வீடியோவில் "ஊதாரி" என்று சொன்னால் நம் வாயில் வருவது அண்ணனுடைய குரல்.

இன்னொன்றும் கவனியுங்கள். பையன் தூர தேசத்தில் பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன், இனி உம் மகன் எனப்படத் தகுதியில்லை, என்னை ஒரு கூலியாளாக வைத்துக்கொள்ளும். இது 18, 19 வசனங்களில் இருக்கிறது. 21-ஆம் வசனத்தில் அப்பா முன்னால் அதையே சொல்கிறான், ஆனால் கூலியாள் வரி வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலையாட்களிடம் ஆடை கொண்டு வரச் சொல்லிவிட்டார். திரும்ப வர நினைக்கும் ஒவ்வொருவரும் இப்படி ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். "என்னால் பழையபடி இருக்க முடியாது, ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்" என்ற கூலியாள் வரி அவர்களுக்குள்ளும் ஓடுகிறது. உவமையை நீங்கள் விளக்க வேண்டாம், அவருக்குக் கதை தெரியும். அந்தத் தகப்பன் செய்ததை உங்கள் எழுத்து செய்தால் போதும்.

சரி, அவர் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்? நான் பேசிப் பார்த்த வரையில் ஆண்டவரை நினைத்து வருகிற பயம் குறைவுதான். கோவில் வளாகத்துக்குள் நுழையும் முதல் பத்து நிமிடத்தை நினைத்துத்தான் பயம். வாசலில் தெரிந்த ஒருவர், "என்ன, ஆளையே காணோம்? இன்னைக்கு மழைதான் வரப்போவுது" என்பார். பாசத்தில் சொல்வதுதான், கேட்பவருக்கு அது விசாரணை. முக்காடு போடச் சேலையோ துப்பட்டாவோ இல்லாமல் வந்துவிட்டோமே என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றும். பதில் ஜெபங்கள் மறந்து, உதட்டை மட்டும் அசைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விடக் கடினம், நன்மை வாங்கும் நேரம். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போக, தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை முழுக் கோவிலும் பார்ப்பது மாதிரி இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்தே வராதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் எழுத்தில் இறை இரக்கம் பற்றி இரண்டு பத்தி இருக்கிறது, இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் இல்லை. வெகுநாள் கழித்து வருபவரின் மலைப்பு, "இத்தனை வருடப் பாவத்தை எப்படி ஞாபகம் வைத்துச் சொல்வது" என்பதுதான். பெரிய பாவங்களை நினைவுக்கு வந்தமட்டும் வகையையும் எண்ணிக்கையையும் சொல்வது திருச்சபையின் முறை. மனமறிந்து மறைக்காமல், உண்மையிலேயே மறந்துபோனவையும் அந்த மன்னிப்புக்குள் வந்துவிடும். முறை மறந்துவிட்டது என்று சொன்னால் குருவானவரே வழிநடத்துவார். தட்டிக்குப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல் சொல்லும் உரிமையும் உண்டு. கேட்டதை அவர் யாரிடமும், எதற்காகவும் சொல்ல முடியாது, திருச்சபைச் சட்டம் 983 அதைத் திட்டமாகச் சொல்கிறது. சட்ட எண்ணெல்லாம் வீடியோவில் வேண்டாம், உங்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம் என்பதை அவசியம் சொல்லுங்கள். "நம் பங்குக்கு வரச் சொல்லிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புவதா" என்று குழுவில் கேட்பார்கள். அந்த ஒரு வரியில்தான், நாம் ஆள் சேர்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். "எல்லாரும் வரலாம், எல்லாரும் நன்மை வாங்கலாம்" என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீசில் மட்டும் கல்யாணம் செய்தவர் அதை நம்பி வந்து, பிறகு பங்குத்தந்தை "முதலில் திருமணத்தைச் சரிசெய்ய வேண்டும்" என்றால், அவர் இரண்டாவது தடவை போய்விடுவார். பிறகு வரவே மாட்டார். அதற்கு நேரம் ஆகும், ஆனால் அதுவரை பூசைக்கு வர எந்தத் தடையும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். பேசுவது உங்கள் பங்குத்தந்தையாகவே இருக்கட்டும், பூசை பார்க்கிறவருக்கு அந்த முகம் பழக்கம். ஆனால் பீடத்துக்குப் பின்னால் நின்று வேண்டாம், திருவுடையும் வேண்டாம். கெபிக்கு முன்னால் உள்ள திண்ணையில், சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசட்டும். பூசையை விட்டவர்கள்கூடக் கெபிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதை விடுவதில்லை. வருடம் ஒரு தடவை வேளாங்கண்ணிக்கோ, ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா திருவிழாவுக்கோ போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் விட்டுப் போகாத இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்லது. கூட்டம் நிரம்பிய கோவிலைப் படத்தில் காட்டாதீர்கள், அவர் பயப்படுவதே அதற்குத்தான். மத்தியானம் மூன்று மணிக்கு யாருமில்லாத கோவில், பக்கவாசல், கடைசி பெஞ்சு, இவை போதும்.

இப்படி நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள்தான் வரும். மூன்று நிமிடம் என்றால் இருநூற்று ஐம்பதைத் தாண்டாதீர்கள். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"வணக்கம். ஞாயிறு பூசையைப் போன்ல பார்க்கிறவங்க நிறைய பேர். அதுல சிலர் நேர்ல வந்து வருஷக்கணக்காச்சு. இன்னைக்கு அவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும்.

எதனால வரலைன்னு கேட்கப் போறதில்லை. அது உங்களுக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். ஒருவேளை என் இடத்துல இருந்த ஒரு சாமியார் சொன்ன சொல்லாலயோ, பங்குல நடந்த ஒரு விஷயத்தாலயோ இருக்கலாம். அப்படின்னா மன்னிப்புக் கேட்க வேண்டியது நாங்க. கேட்டுக்கிறேன்.

வரணும்னு தோணினா ஞாயித்துக்கிழமைதான் வரணும்னு இல்லை. நம்ம கெபி ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போகலாம்.

பூசைக்கு வந்தா, பக்கவாசல் திறந்திருக்கும். பின்னால உட்காரலாம். ஜெபம் மறந்துபோச்சுன்னா சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. நன்மை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது நீங்க உட்கார்ந்தே இருக்கலாம். வாராவாரம் வர்றவங்கள்லயும் சிலர் உட்கார்ந்திருப்பாங்க.

பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு தோணுற அன்னைக்கு வாங்க, சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சுலருந்து ஆறு வரைக்கும் இருப்பேன். 'சாமி, ரொம்ப வருஷமாச்சு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை'ன்னு சொன்னா போதும். மிச்சத்துக்கு நான் கூட இருக்கேன். என்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்தா, வேற எந்தப் பங்குக்கு வேணும்னாலும் போகலாம்.

கல்யாண விஷயம் மாதிரி உட்கார்ந்து பேச வேண்டியது இருந்தா, பேசலாம். அதுக்கு நாளாகும். அது முடியற வரைக்கும் வெளியில நிக்க வேண்டியதில்லை, பூசைக்கு வாங்க.

நீங்க எந்தப் பங்குல ஞானஸ்நானம் வாங்கினீங்களோ, அந்தப் பதிவேட்டுல உங்க பேரு இன்னும் இருக்கு. யாரும் அடிக்கலை."

நேரங்களை உங்கள் பங்கின் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கெபிக் கதவை ஏழு மணிக்கே பூட்டுகிறார்கள் என்றால் ஒன்பது என்று சொல்லக் கூடாது. பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் நின்றுவிட்டால் வீடியோ எடுத்ததே வீண். கடைசி வரியைப் பங்குத்தந்தை அழுத்திச் சொல்லிவிடுவார், விடாதீர்கள். சாதாரணச் செய்தி மாதிரி சொன்னால்தான் அது போய்ச் சேரும். அதற்குப் பிறகு பாட்டு, இசை எதுவும் வேண்டாம், மூன்று நொடி கெபியைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

மன்னிப்பு வரியை உங்கள் பங்குத்தந்தை ஏற்க வேண்டும். அவருக்கு மனமில்லை என்றால், கட்டாயப்படுத்திப் பேச வைக்காதீர்கள். மனமில்லாமல் கேட்ட மன்னிப்பு கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வெளியாவதற்கு முன்னால் தரையில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. கீழே போன் நம்பர் போடுவதாக இருந்தால் பங்கு அலுவலக நம்பரைப் போடாதீர்கள். அங்கே எடுப்பவர் பழக்கத்தில் "எந்த அன்பியம்? குடும்ப அட்டை நம்பர் என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார். சந்தா பாக்கி உள்ளவருக்கு அந்தக் கேள்வியோடு எல்லாம் முடிந்தது. பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒருவரின் நம்பரை, அவர் சம்மதத்தோடு போடுங்கள். வாசலில் நிற்கும் இளையோரிடமும் அன்பியப் பொறுப்பாளர்களிடமும் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: வெகுநாள் கழித்து யாரைப் பார்த்தாலும் "வாங்க" மட்டும். "எங்கே போயிருந்தீங்க" வேண்டாம், மழையும் வேண்டாம். பூசை முடிந்து அவரைத் துரத்திப் பிடித்துப் பாடகர் குழுவில் சேர்ப்பதும் வேண்டாம், அடுத்த வாரம் அவர் வராமலும் இருக்கலாம் என்று விட்டுவிட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வருஷம் முழுக்க வர்ற நாங்க என்ன இளிச்சவாயா?" என்று ஒருவராவது கேட்பார். அவர்மேல் கோபப்படாதீர்கள். உவமையில் தகப்பன் பெரியவனைத் தேடியும் வெளியே வந்தார். பங்குத்தந்தையிடம் சொல்லி, அதே வாரம் மறையுரையில் அவர்களுக்கும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். அந்த நேயர் உங்கள் குழுவில் ஒருவரை நம்பித்தான் சொல்லியிருக்கிறார். அவர் ஊர், வேலை, எத்தனை வருடம், எதுவும் எழுத்தில் சாடையாகக்கூட வரக் கூடாது. "ஒருவர் எங்களிடம் சொன்னார்" என்ற வரியை உங்கள் எழுத்தில் பார்த்தேன், அதை முதலில் அடித்துவிடுங்கள். சின்ன ஊரில் யார் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும்.

படம் பிடிப்பதற்கு முன்னால், கோவிலுக்கு வராத ஒருவருக்கு, உங்கள் சொந்தக்காரராகவே இருக்கட்டும், இதை வாசித்துக் காட்டுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். எந்த வரியில் பார்வையைத் திருப்புகிறாரோ, அந்த வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள், அதை மட்டும் சேர்ந்து திருத்துவோம்.